‘விதிமீறல் எதுவும் இல்லை’: ஆப் நிறுவனத்துக்குப் புகார் எழுதும் விதம்

“நேத்து அந்தப் பச்சை சுடிதார்ல நல்லா இருந்தீங்க. தம்பிக்கு ஸ்கூல் வேன் 8:20-க்குத்தானே?”

இந்த இரண்டு வரியில் கெட்ட வார்த்தை ஒன்றுகூட இல்லை. ‘இருந்தீங்க’ என்று மரியாதை வேறு. ஆனால் திருப்பூரில் வீட்டிலிருந்தபடியே குழந்தைகள் உடுப்பு தைத்து, படம் போட்டு, ஒரு ஆப் வழியாக விற்கும் பெண்ணுக்கு, முன்பின் தெரியாத கணக்கிலிருந்து இரவு 11:40-க்கு இது வந்தால் அன்றைய தூக்கம் போய்விடும். மகனைப் பற்றியோ வேனைப் பற்றியோ அவர் அந்த ஆப்பில் ஒருநாளும் எழுதியதில்லை. எழுதியவன் அவர் வீட்டு வாசலைப் பார்த்திருக்கிறான்.

பதறிப்போய் அந்தச் செய்தியின் மேலேயே ‘ரிப்போர்ட்’ பொத்தானை அழுத்துகிறார். மறுநாள் பதில் வருகிறது: நீங்கள் சுட்டிய செய்தியைப் பரிசீலித்தோம், அது எங்கள் விதிகளை மீறவில்லை.

இந்தப் பெண் ஒரே ஒருவர் அல்லர். இப்படிப்பட்ட புகார்களில் திரும்பத் திரும்பக் காணப்படுவதைச் சேர்த்து, விளக்கத்துக்காக அமைத்துக்கொண்ட உதாரணம். ஆனால் அந்தப் பதில் உதாரணத்துக்காகச் செய்ததல்ல. தொல்லைக்கு ஆளாகிப் புகார் கொடுத்த பலர் அச்சுப் பிசகாமல் அதைத்தான் வாங்கியிருக்கிறார்கள். அதைப் படித்ததும் ‘இவனுங்க ஒண்ணும் செய்ய மாட்டானுங்க’ என்று போனை வைத்துவிடுகிறார்கள். நிறுவனங்களின் அலட்சியத்துக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனாலும் அந்தப் பதில் எப்படி உருவாகிறது என்று தெரிந்தால், அடுத்த புகாரை வேறு மாதிரி எழுதலாம்.

பொத்தானை அழுத்தியதும் நடப்பது இதுதான். பெரிய ஆப்களில் புகாரை முதலில் இயந்திரம் வடிகட்டுகிறது. அது தேடுவது வசவுச் சொல், ஆபாசப் படம், வெளிப்படையான கொலை மிரட்டல் போன்றவற்றை. அதைத் தாண்டினால் மனிதர் ஒருவர் பார்க்கிறார். பெரும்பாலும் அவர் அந்த நிறுவனத்தின் நேரடி ஊழியர்கூட அல்ல, ஒப்பந்த நிறுவனத்தில் ஷிப்ட் பார்ப்பவர். நாள் முழுக்க அடுத்தவர் வெறுப்பையும் வன்முறையையும் பார்ப்பதே அவர் வேலை. அந்த வேலையால் மனநலம் கெட்டதாக வழக்குப் போட்ட அமெரிக்க ஊழியர்களுக்கு 5.2 கோடி டாலர் கொடுக்க ஃபேஸ்புக் 2020-ல் ஒப்புக்கொண்டது. அத்தகைய ஒருவர் முன்னால் உங்கள் செய்தி சில வினாடி வந்து நிற்கிறது. அவருக்குத் தமிழ் தெரியாமல் இருக்கலாம். தெரிந்தாலும், அவர் முன் இருப்பது பச்சை சுடிதாரும் பள்ளி வேனும்தான். அதற்கு முந்தைய பதினோரு நாள் கதை அவர் திரையில் இல்லை.

சிக்கல் இங்கேதான். ஆப்பின் ஏற்பாடு ஒவ்வொரு செய்தியையும் தனித்தனியாக நிறுக்கிறது. துன்புறுத்தலோ தொடர்ச்சியில் இருக்கிறது. ஒருமுறை ‘சாப்பிட்டீங்களா’ என்று கேட்பது குற்றமல்ல. வேண்டாம் என்று சொன்ன பிறகும், பிளாக் செய்த பிறகும், புதுக் கணக்குத் திறந்துவந்து கேட்பது துன்புறுத்தல். அந்தத் தொடர்ச்சியை எதிர்ப்பக்கத்து மனிதரின் கண்ணில் படும்படி வைப்பதுதான் புகார் எழுதுவதன் முழு வேலையும்.

இதில் வாட்ஸ்அப்பைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. அங்கே செய்திகள் மறையாக்கம் செய்யப்பட்டவை. நிறுவனமே படிக்க முடியாது. நீங்கள் ஒருவரை ரிப்போர்ட் செய்தால், அவர் உங்களுக்குக் கடைசியாக அனுப்பிய ஐந்து செய்திகள் மட்டும் நிறுவனத்துக்குப் போகும். திங்கட்கிழமை மிரட்டிவிட்டு, வெள்ளிக்கிழமை ‘ஹலோ’, ‘ஸாரி’, ஒரு பூ, ஒரு கைகூப்பு, ‘குட்நைட்’ என்று அனுப்பியவனை அதற்குப் பிறகு ரிப்போர்ட் செய்தால், நிறுவனம் பார்ப்பது அந்தப் பூவைத்தான். ஆகவே மிரட்டல் செய்தியையே அழுத்திப் பிடித்து, அதைத் தேர்ந்தெடுத்து ரிப்போர்ட் செய்ய வேண்டும். ரிப்போர்ட் செய்தது அந்த நபருக்குத் தெரியவராது.

பிளாக் செய்வதற்கு முன்

கோபத்தில் எல்லாரும் முதலில் செய்வது பிளாக். உடனே உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் அதுவும் சரி, 112-க்குப் போன் செய்வதும் சரி. அப்போது ஆதாரத்தைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்க வேண்டாம். மற்ற நேரங்களில் பத்து நிமிடம் பொறுத்தால் நல்லது. பல ஆப்களில் பிளாக் செய்ததும் அந்த நபரின் பக்கம் உங்கள் பார்வைக்கு அகப்படாது. தான் சிக்கப்போகிறோம் என்று மோப்பம் பிடித்த ஆள் அனுப்பியதைத் திரும்ப எடுத்துவிடவும் செய்வான். டெலிகிராமில் தனி உரையாடலை எத்தனை நாள் கழித்தும் இரண்டு பக்கத்திலிருந்தும் அழித்துவிடலாம் என்பது பலருக்குத் தெரியாது. காலையில் எழுந்து பார்த்தால் உரையாடலே இருக்காது.

அந்தப் பத்து நிமிடத்தில் எடுக்க வேண்டியது ஸ்கிரீன்ஷாட். அதை எடுப்பதிலும் பதம் இருக்கிறது. மிரட்டல் வரியை மட்டும் வெட்டி எடுத்த படம் கிட்டத்தட்டப் பயனற்றது. அதை யாரும் எந்தச் செயலியிலும் உருவாக்கிவிடலாம். மேலே கணக்கின் பெயர், நடுவில் செய்தியும் அதன் நேரமும், உச்சியில் உங்கள் போனின் கடிகாரம், எல்லாம் தெரியும் முழுத்திரை வேண்டும். உரையாடல் நீளமாக இருந்தால், ஒரு படத்தின் கடைசிச் செய்தி அடுத்த படத்தின் முதல் செய்தியாக வரும்படி எடுங்கள். நடுவில் எதையும் விழுங்கவில்லை என்று பார்ப்பவருக்குத் தானே விளங்கும்.

அடிக்கடி கோட்டை விடும் இடம் தேதி. இன்று வந்த செய்தியின் மேலே ஆப் ‘இன்று’ என்றுதான் காட்டும். மறுநாள் ‘நேற்று’ என்று காட்டும். அந்தப் படத்தை மூன்று வாரம் கழித்துப் பார்ப்பவருக்கு எந்த ‘நேற்று’? இன்ஸ்டாகிராம் தனிச்செய்தியில் திரையை இடப்பக்கம் இழுத்துப் பிடித்தால்தான் ஒவ்வொரு செய்தியின் நேரமும் தெரியும். ஆகவே உடனே ஒரு படம் எடுங்கள். சில நாள் கழித்து, ஆப் முழுத் தேதியைக் காட்டத் தொடங்கியதும், அதே இடத்தை இன்னொரு முறை எடுங்கள். இரண்டையும் வைத்திருங்கள்.

அந்தக் கணக்கின் முகப்புப் பக்கத்தையும் ஒரு படம். அதைவிட முக்கியம், அந்தப் பக்கத்தின் இணைப்பை நகலெடுத்து வைப்பது. பொதுப் பதிவில் வந்த பின்னூட்டமாக இருந்தால் அந்தப் பதிவின் இணைப்பும் வேண்டும். காட்டும் பெயரும் முகப்புப் படமும் ஒரு நிமிடத்தில் மாறிவிடும். ‘ராஜா 007’ என்று நீங்கள் புகார் எழுதி முடிக்கும்போது அவன் ‘அன்பு மலர்’ ஆகியிருப்பான். நிறுவனத்துக்கு வேண்டியது காட்டும் பெயரல்ல, கணக்கை அடையாளம் காட்டும் இணைப்பு. முடிந்தால் திரைப் பதிவு ஒன்று: முகப்புப் பக்கத்தில் தொடங்கி, உரையாடலுக்குள் நுழைந்து, மேலிருந்து கீழே நிதானமாக நகர்த்தி எடுத்த வீடியோ. ஸ்கிரீன்ஷாட்டைப் போலி என்று சொல்வது சுலபம், அந்த வீடியோவைச் சொல்வது அவ்வளவு சுலபமல்ல.

ஒரு எச்சரிக்கை. ஸ்னாப்சாட்டில் ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் எதிராளிக்குத் தெரிந்துவிடும். இன்ஸ்டாகிராமில் தானே மறையும் செய்திகளுக்கும் அப்படித்தான். வாட்ஸ்அப்பில் ஒரே முறை பார்க்கக்கூடிய படமாக வந்தால் ஸ்கிரீன்ஷாட் எடுக்கவே விடாது. இந்த மூன்றுக்கும் பக்கத்தில் இருப்பவர் போனை வாங்கி, திரையைப் படம் பிடிப்பதுதான் வழி. அழகாக இருக்காது, ஆனால் ஆதாரமாக இருக்கும்.

எடுத்த மூலப் படங்களில் வட்டம் போடாதீர்கள், அம்புக்குறி போடாதீர்கள். எதையாவது சுட்டிக் காட்ட வேண்டுமென்றால் நகல் ஒன்றில் செய்யுங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாகத் தங்கைக்கு அனுப்பி, அவர் திரும்ப அனுப்பியதைப் புகாரில் சேர்ப்பதும் வேண்டாம். படம் சுருங்கும், எடுத்த நேரம் முதலான விவரங்கள் போய்விடும். மெயிலில் இணைத்தோ, ‘டாகுமென்ட்’ ஆகவோ அனுப்புங்கள்.

சங்கடமான ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். பொறுக்க முடியாமல் நீங்களும் திட்டியிருப்பீர்கள். அந்த வரி தெரியும் படத்தை மட்டும் விட்டுவிடத் தோன்றும். விடாதீர்கள். பல ஆப்களில் உரையாடலின் இரு பக்கமும் நிறுவனத்தின் சர்வரில் இருக்கிறது. நீங்கள் மறைத்ததை அவர்கள் பார்த்தால் மறைக்காத மற்றவற்றின் மீதும் சந்தேகம் விழும். ‘ஜூன் 9 இரவு நானும் கடுமையாகப் பதில் சொன்னேன்’ என்று ஒரு வரி எழுதிவிட்டால் அதோடு அது முடிந்தது.

நாள்வரிசை

நம் திருப்பூர்ப் பெண் முதலில் எழுதிய புகார் இப்படி இருந்தது என்று வைத்துக்கொள்வோம்: “சார், ஒருத்தன் ரொம்ப நாளா டார்ச்சர் பண்றான். எத்தனை தடவை பிளாக் பண்ணாலும் வேற வேற ஐடில வர்றான். அசிங்க அசிங்கமா பேசுறான். என் பையனைப் பத்தியெல்லாம் பேசுறான். தயவுசெய்து நடவடிக்கை எடுங்க.” இதோடு வரிசையில்லாமல் நாற்பது ஸ்கிரீன்ஷாட்.

இதில் ஒரு பொய்யும் இல்லை. ஆனால் படிப்பவரால் இதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. ‘ரொம்ப நாள்’ என்றால் எத்தனை நாள்? ‘வேற வேற ஐடி’ என்றால் எவை? அவை அனைத்தும் ஒரே ஆள் என்பதற்கு என்ன சான்று? நாற்பது படத்தில் எதை முதலில் பார்ப்பது? அவர் மேலாக நாலு படத்தைத் திறந்து பார்ப்பார், அந்த நாலில் ‘ஆர்டர் எப்ப வரும்’ என்ற உரையாடல் இருக்கும், புகார் மூடப்படும்.

அதே சம்பவம், திருத்தி எழுதியபின்:

பொருள்: ஒரே நபர் 3 கணக்குகளிலிருந்து தொடர்ந்து துன்புறுத்தல், ஜூன் 3 முதல் 14 வரை. குழந்தையின் பள்ளி வேன் நேரத்தைக் குறிப்பிட்டு மறைமுக மிரட்டல்.

நான் இந்த ஆப்பில் குழந்தைகள் உடுப்பு விற்கிறேன். 12 நாளில் 3 கணக்குகளிலிருந்து எனக்குப் பாலியல் வசவும், என் வீட்டைக் கண்காணிப்பதாக உணர்த்தும் செய்தியும் வந்துள்ளன. இரண்டு கணக்குகளை பிளாக் செய்தேன். இரண்டு முறையும் புதுக் கணக்கு வந்தது. நேரம் அனைத்தும் இந்திய நேரம். கணக்குகளின் இணைப்புகள் கீழே உள்ளன.

ஜூன் 3, 21:14. கணக்கு 1, தனிச்செய்தி. ஆர்டர் விசாரணைக்குப் பின் “வீட்ல தனியாவா இருக்கீங்க?” படம் 01.
ஜூன் 3, 21:20. “ஆர்டரைப் பற்றி மட்டும் பேசுங்கள்” என்று பதில் அனுப்பினேன். படம் 01.
ஜூன் 9, 23:52. கணக்கு 1. பாலியல் வசவு. நானும் கடுமையாகப் பதில் சொன்னேன். படம் 02, 03.
ஜூன் 10, 07:05. கணக்கு 1-ஐ பிளாக் செய்தேன்.
ஜூன் 11, 13:30 முதல் 13:41. கணக்கு 2. என் மூன்று விற்பனைப் பதிவுகளின் கீழ் “ரேட் துணிக்கா, உனக்கா?” முதல் பின்னூட்டத்தில் “ப்ளாக் பண்ணா விட்ருவேனா” என்ற வரியும் உள்ளது. படம் 04, 05, 06.
ஜூன் 11, 14:10. கணக்கு 2-ஐ பிளாக் செய்தேன்.
ஜூன் 14, 23:40. கணக்கு 3, தனிச்செய்தி. என் உடையின் நிறத்தையும் மகனின் வேன் நேரத்தையும் குறிப்பிட்டது. 23:43-க்கு அடுத்த செய்தி: “இது மூணாவது ஐடி, இன்னும் எத்தனை ப்ளாக் பண்ணுவீங்க?” படம் 07.

நாற்பது படம் ஏழாகிவிட்டது. மற்ற முப்பத்து மூன்றும் பத்திரமாக இருக்கட்டும். கேட்டால் தருவதாக ஒரு வரி எழுதினால் போதும்.

இந்த வரிசையைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். ஜூன் 3-ல் அவர் அனுப்பிய ஒற்றை வரிப் பதில், அந்தத் தொடர்பை அவர் விரும்பவில்லை என்பதற்கான சான்று. அதற்குப் பின் வந்த ஒவ்வொன்றும் ‘வேண்டாம் என்று சொன்ன பிறகு வந்தது’ ஆகிறது. பிளாக் செய்த நேரங்களைத் தனி வரியாகக் குறித்தது அடுத்த கணக்கு எதற்காக முளைத்தது என்பதைக் காட்டுகிறது. தடையைத் தாண்டப் புதுக் கணக்குத் திறப்பதைப் பல ஆப்கள் தம் விதிகளில் தனியாகவே தடை செய்திருக்கின்றன; ஆகவே அந்த வரி தனியாகவே ஒரு விதிமீறலை நிறுவுகிறது.

மூன்று கணக்கும் ஒரே ஆள் என்று அவர் சும்மா சொல்லவில்லை. கணக்கு 2 பிளாக்கைப் பற்றிப் பேசுகிறது. கணக்கு 3 தன்னை மூன்றாவது என்று தானே சொல்கிறது. முன்பு வெறும் 23:40 செய்தியை மட்டும் ரிப்போர்ட் செய்தபோது, மூன்று நிமிடம் கழித்து வந்த இந்த வாக்குமூலம் புகாரில் சேரவே இல்லை. இப்படிப்பட்ட இணைப்பு வரி கிடைக்காவிட்டால், ஒரே முகப்புப் படம், ஒரே மாதிரி எழுத்துப்பிழை, இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்த ஆர்டர் விவரம் ஆகியவற்றைத் தேடலாம். அவையும் இல்லையென்றால் ‘ஒரே நபர் என்று சந்தேகிக்கிறேன்’ என்று எழுதுங்கள்.

இன்னொன்று: ‘இவன் எங்கள் தெருவில் இருக்கும் இன்னார் மகன்தான்’ என்று ஆப் புகாரில் எழுத வேண்டாம். அது சரியாகவே இருந்தாலும் நிறுவனத்துக்கு அதனால் பயனில்லை, அவர்கள் நடவடிக்கை எடுப்பது கணக்கின் மீதுதான். தவறாக இருந்தால் சம்பந்தமில்லாத ஒருவர் மேல் பழி போட்டதாகிவிடும். அந்தச் சந்தேகத்தைச் சொல்ல வேண்டிய இடம் காவல் நிலையம்.

தமிழ் தெரியாதவருக்கும் புரிய வேண்டும்

“ரேட் துணிக்கா, உனக்கா?” என்பதை மொழிபெயர்ப்புக் கருவியில் போட்டால் விலை விசாரணை மாதிரி ஏதோ வரும். நம் ஊரில் அந்த வரியைப் படிக்கும் யாருக்கும் காது கூசும். தமிழில் வரும் தொல்லையில் பாதி இந்த ரகம்: ஜாடை, இரட்டை அர்த்தம், சாதியைச் சொல்லாமல் சொல்லும் அடைமொழி. மீதியில் பெரும்பகுதி ஆங்கில எழுத்தில் அடித்த தமிழ். ஆளுக்கொரு விதமாக எழுதுவதால் இயந்திரத்தின் வசவுப் பட்டியலில் அது சிக்குவதில்லை.

ஆகவே ஒவ்வொரு முக்கியப் படத்துக்கும் கீழே இரண்டு வரி விளக்கம் எழுதுங்கள். முடிந்தால் எளிய ஆங்கிலத்திலும். முதல் வரியில் சொல்லுக்குச் சொல் பொருள். இரண்டாவதில், அது ஏன் துன்புறுத்தல் என்பது. பின்னூட்டத்துக்கு: ‘துணிக்கு விலையா, உனக்கு விலையா என்று கேட்கிறான், என்னைப் பாலியல் தொழிலாளி என்று என் வாடிக்கையாளர்கள் முன்னால் சொல்வது இதன் பொருள்.’ வேன் செய்திக்கு: ‘எனக்கு மகன் இருப்பதையோ அவன் வேன் நேரத்தையோ நான் இந்த ஆப்பில் எங்கும் வெளியிட்டதில்லை. என் வீட்டை நேரில் கவனித்தால் மட்டுமே இது தெரியும்.’ இந்த இரண்டாவது வரி இல்லாததால்தான் முதல் புகார் தோற்றது. தகவல் எப்படிக் கிடைத்திருக்கும் என்பதை நீங்கள் சொல்லாமல் ஒரு சிங்கப்பூர்க்காரரோ பிலிப்பைன்ஸ்காரரோ ஊகித்துக்கொள்ள மாட்டார்.

விளக்கத்தில் உணர்ச்சியைக் கொட்ட வேண்டாம் என்று சிலர் சொல்வார்கள். முழுவதும் ஒதுக்க வேண்டியதில்லை. ‘ஜூன் 15 முதல் மகனை நானே பள்ளிக்குக் கொண்டுபோய் விடுகிறேன், விற்பனைப் பதிவுகளை நிறுத்திவிட்டேன்’ என்பது உணர்ச்சியும்தான், பாதிப்புக்கான தகவலும்தான். ‘நான் செத்துக்கொண்டிருக்கிறேன்’ என்பதைவிட அது அதிகம் சொல்கிறது.

என்ன வேண்டும் என்று கேட்பது

பெரும்பாலான புகார்கள் ‘தகுந்த நடவடிக்கை எடுக்கவும்’ என்று முடிகின்றன. நம் அரசு அலுவலக மனுக்களிலிருந்து வந்த பழக்கம். தகுந்தது எது என்று அவர்களே முடிவு செய்துகொண்டால், ஒரு பின்னூட்டத்தை நீக்கிவிட்டு ‘நடவடிக்கை எடுத்தோம்’ என்று மூடிவிடலாம். நம் உதாரணத்தில் கேட்க வேண்டியவை: மூன்று பின்னூட்டங்களையும் நீக்க வேண்டும், மூன்று கணக்குகள் மீதும் சேர்த்து நடவடிக்கை வேண்டும், காவல் துறை கேட்கும்போது கொடுக்க, பதிவுகளை அழிக்காமல் வைத்திருக்க வேண்டும், புகார் எண் தர வேண்டும்.

மூன்றாவது கோரிக்கையை யாரும் எழுதுவதில்லை. இந்தியாவில் 2021 பிப்ரவரியில் வந்த தகவல் தொழில்நுட்ப இடைநிலையாளர் விதிகளின்படி, நீக்கப்பட்ட உள்ளடக்கத்தையும் அது தொடர்பான பதிவுகளையும் விசாரணைக்காக 180 நாள் நிறுவனம் பாதுகாக்க வேண்டும். கணக்கையே மூடிவிட்டுப் போனாலும், பதிவு செய்தபோது கொடுத்த விவரங்களை 180 நாள் வைத்திருக்க வேண்டும். ஆறு மாதம் என்பது நீண்ட காலம் மாதிரித் தெரியும். ‘பார்ப்போம், அவனே அடங்கிடுவான்’ என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தால் அது சீக்கிரமே கரைந்துவிடும்.

கேட்கக் கூடாதது ஒன்று உண்டு: அவன் போன் நம்பரும் முகவரியும். எத்தனை கெஞ்சினாலும் உங்களிடம் தர மாட்டார்கள், தரவும் கூடாது. அது சட்டப்படி காவல் துறை கேட்டுப் பெற வேண்டியது.

எந்த வாசல்

ஆப்புக்குள் இருக்கும் ரிப்போர்ட் பொத்தான் ஒரு வாசல். அதில் கதை சொல்ல இடமில்லை. ஒரு வகையைத் தேர்ந்தெடுத்தால் முடிந்தது. இன்னொரு வாசல், குறைதீர் அலுவலர். மேற்சொன்ன விதிகளின்படி இந்தியாவில் இயங்கும் ஒவ்வொரு ஆப்பும் அவர் பெயரையும் தொடர்பு விவரத்தையும் தன் தளத்திலோ ஆப்பிலோ வெளியிட வேண்டும். நாள்வரிசையும் படங்களும் போக வேண்டியது அவருக்கு. பொத்தானையும் அழுத்துங்கள், அங்கே கிடைக்கும் எண்ணை இங்கே குறிப்பிடுங்கள்.

அவர் விவரத்தை ஆப்பின் சொந்த உதவிப் பக்கத்திலிருந்து மட்டும் எடுங்கள். கூகுளில் ‘கஸ்டமர் கேர் நம்பர்’ என்று தேடி, முதலில் வந்த எண்ணை அழைத்து, பேசியவன் சொன்ன செயலியை இறக்கி, வங்கிக் கணக்கைக் காலி செய்துகொண்டவர்கள் நிறைய.

குறைதீர் அலுவலர் 24 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததாகச் சொல்ல வேண்டும், 15 நாளுக்குள் முடிக்க வேண்டும் என்பது 2021-ல் வைத்த கெடு. நீக்கச் சொல்லும் சில வகைப் புகார்களுக்கு 2022 அக்டோபர் திருத்தம் 72 மணி நேரம் என்று ஆக்கியது. அந்தரங்கப் படம், ஒட்டுவேலை செய்த படம், உங்கள் பெயரில் போலிக் கணக்கு ஆகியவற்றுக்கு 2021-லேயே 24 மணி நேரம்தான். அதன்பின் வந்த திருத்தங்களில் கெடு குறைந்திருக்கிறதே தவிர கூடவில்லை. ஆகவே இங்கே சொன்னவற்றை வெளி எல்லையாக எடுத்துக்கொள்ளுங்கள். இந்தக் கணக்கு ஓட வேண்டுமென்றால் எந்த விதியின் கீழ் கேட்கிறீர்கள் என்று ஒரு வரி எழுதுவது நல்லது: விதி 3(1)(b)(ii). பிறர் அந்தரங்கத்துக்குள் நுழைவதையும், பாலின அடிப்படையில் இழிவுபடுத்துவதையும் துன்புறுத்துவதையும் பற்றிச் சொல்வது அதுதான். கூடவே அந்த ஆப்பின் சொந்த விதிமுறையில் துன்புறுத்தல் பற்றிய பகுதியின் தலைப்பையும் குறிப்பிடுங்கள். படிக்கும் ஊழியர் கையில் வைத்துக்கொண்டு ஒப்பிட்டுப் பார்ப்பது அதைத்தான்.

தோழிகள் ஐம்பது பேரைச் சேர்த்து ஒரே கணக்கை ரிப்போர்ட் செய்யச் சொல்வது இப்போது வழக்கமாகிவிட்டது. எத்தனை பேர் ரிப்போர்ட் செய்தார்கள் என்பதை வைத்து நீக்குவதில்லை என்று இன்ஸ்டாகிராம் போன்றவை வெளிப்படையாகவே சொல்கின்றன. ஐம்பது வெற்றுப் புகாரைவிட ஒரு நல்ல நாள்வரிசை மேல்.

நிறுவனம் எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தாலும், அதனால் முடிவது கணக்கை மூடுவதும் பதிவை நீக்குவதும்தான். நான்காவது கணக்கு வராது என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. வந்தால் புதுப் புகார் எழுத வேண்டாம். பழைய புகார் எண்ணைக் குறிப்பிட்டு, நாள்வரிசையில் ஒரு வரி கூட்டி, படம் 08-ஐச் சேர்த்து அனுப்புங்கள். வேன் நேரம் சொன்ன மாதிரி நேரில் கவனிப்பது தெரிந்தால் ஆப்பின் பதிலுக்குக் காத்திருக்கவே கூடாது. ஒரு பெண் விருப்பமில்லை என்று காட்டிய பிறகும் பின்தொடர்வது, அவர் இணையப் பயன்பாட்டைக் கண்காணிப்பது, பாரதிய நியாய சங்கிதை 78-ம் பிரிவின்படி குற்றம். cybercrime.gov.in தளத்திலோ அருகிலுள்ள காவல் நிலையத்திலோ அதே நாள்வரிசையைக் கொடுக்கலாம். அங்கே போகும்போது படம் எடுத்த போனும் வேண்டும். நீதிமன்றத்தில் மின்னணுப் பதிவின் நகலைச் சான்றாக வைக்க, பாரதிய சாட்சிய அதிநியமம் 63-ம் பிரிவின்படி சான்றிதழ் தேவைப்படும். ஆகவே புதுப் போன் வாங்கும் ஆசையில் பழையதை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிடாதீர்கள், ரீசெட்டும் செய்யாதீர்கள்.

குறைதீர் அலுவலரும் ‘விதிமீறல் இல்லை’ என்று எழுதினால், அல்லது கெடு முடிந்தும் பதிலே சொல்லாவிட்டால், மேல்முறையீடு இருக்கிறது. மத்திய அரசு அமைத்த குறைதீர் மேல்முறையீட்டுக் குழுக்கள் 2023 முதல் இயங்குகின்றன, gac.gov.in தளத்தில் ஆன்லைனிலேயே மனுச் செய்யலாம். வக்கீல் வேண்டியதில்லை. ஏழு படமும் அந்த நாள்வரிசையும் அப்படியே அங்கேயும் செல்லும். ஆனால் அலுவலரின் பதில் கிடைத்த நாளிலிருந்து 30 நாளுக்குள் போட வேண்டும். ஆகவே, கோபம் எவ்வளவு வந்தாலும், அந்தப் பதில் மெயிலை மட்டும் அழித்துவிடாதீர்கள்.